ஒரே விகிதம் வந்தால் யாருடைய வரி ஏறும்?

1981 டிசம்பரில் அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளேட்டில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹூவர் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர்: பொருளியலாளர் ராபர்ட் ஹால், அரசியல் அறிஞர் ஆல்வின் ரபுஷ்கா. வருமான வரிப் படிவம் ஒரு தபால் அட்டைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. சம்பளத்தை எழுத வேண்டும், குடும்பத்துக்கு உரிய விலக்குத் தொகையைக் கழிக்க வேண்டும், மிச்சத்தில் 19 சதவீதம் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் படிவம்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த அட்டை தேர்தல் களத்துக்கு வந்தது. 1996 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்ற பத்திரிகை அதிபர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ், எல்லோருக்கும் 17 சதவீதம் என்றார். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 36,000 டாலர் வரை வரியே கிடையாது என்றும் சொன்னார். அப்போது அமெரிக்காவில் உச்ச வரி விகிதம் 39.6 சதவீதம். அவருக்கு வேட்பாளர் வாய்ப்புக் கிடைக்கவில்லை. யோசனை மட்டும் நாடு நாடாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தியாவிலும் பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், “இத்தனை ஸ்லாப் எதற்கு? பெரிய தொகை வரை விலக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரே விகிதம் வைத்தால் என்ன?” என்று கேட்கத் தவறுவதில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அரசுக்கு வர வேண்டிய தொகை குறையக் கூடாது என்றால், ஒருவருக்குக் குறையும் வரி இன்னொருவருக்கு ஏறித்தான் ஆக வேண்டும். அந்த இன்னொருவர் யார்?

ஏணி இல்லாமலும் ஏறும் வரி

ஒற்றை விகிதம் என்றதும், ஆட்டோ ஓட்டுநரும் ஆலை முதலாளியும் வருமானத்தில் ஒரே பங்கைக் கட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விலக்கு வரம்பு இல்லாத நாட்டில் அது உண்மை. பல்கேரியா 2008இல் கொண்டுவந்த 10 சதவீத வரி அப்படிப்பட்டது. அங்கே பொதுவான விலக்குத் தொகை கிடையாது. முதல் காசிலிருந்தே வரி தொடங்கிவிடும்.

பெரிய விலக்கு வரம்பு வைத்தால் கதை மாறுகிறது. ஃபோர்ப்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 40,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு, விலக்குப் போக 4,000 டாலருக்குத்தான் வரி. அதில் 17 சதவீதம் 680 டாலர். மொத்த வருமானத்தோடு ஒப்பிட்டால் இது 1.7 சதவீதம். ஒரு லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பம் 10,880 டாலர், அதாவது 10.9 சதவீதம் கட்டும். பத்து லட்சம் டாலர் வந்தால் 16.4 சதவீதம். அறிவித்தது ஒரே விகிதம், ஆனாலும் வருமானம் ஏற ஏற அதில் வரிக்குப் போகும் பங்கும் ஏறுகிறது.

இங்கே இரண்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கடைசியாகச் சம்பாதித்த ரூபாயில் எத்தனை பைசா வரி என்பது. மற்றொன்று, மொத்த வருமானத்தில் வரியின் பங்கு என்ன என்பது. விளம்பரத்தில் வருவது முதல் அளவு. வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது இரண்டாவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், “சம்பளம் 24 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 30 சதவீதம் போய்விடும்” என்று இன்றும் அலுவலகங்களில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் அந்த 30 சதவீதம்.

ஏழு படிக்குள் ஒளிந்திருக்கும் 14 லட்சம்

இந்தியாவில் 1973-74இல் பதினோரு அடுக்குகள் இருந்தன. உச்ச விகிதம் 85 சதவீதம். அதன் மேல் 15 சதவீத சர்சார்ஜும் சேர, கடைசி நூறு ரூபாயில் 97 ரூபாய் 75 பைசா அரசுக்குப் போனது. பிறகு படிப்படியாகக் குறைத்து, 1997இல் ப. சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் 10, 20, 30 என்ற மூன்றே விகிதங்கள் மிஞ்சின. இன்றைய புதிய வரி முறையில் விகிதங்கள் மறுபடி பெருகியிருக்கின்றன. 2025-26 நிதியாண்டுக்கான ஏணி இதுதான்: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம்.

இந்த ஏணியில் 24 லட்சம் வரை ஏறியவர் கட்டும் வரி 3 லட்சம் ரூபாய். ஏணியே இல்லாமல் முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம் பிடித்திருந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகியிருக்கும். ஆக, கீழ்ப்படிகளால் அவருக்கு மிச்சமானது 4 லட்சத்து 20 ஆயிரம். இது சரியாக 14 லட்சத்தின் 30 சதவீதம்.

இதன் பொருள் வியப்பானது. 24 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள ஒருவருக்கு, ஏழு படி ஏணியும் ‘14 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் 30 சதவீதம்’ என்ற ஒற்றை வரியும் ஒன்றேதான். 50 லட்சம் வருமானத்துக்கு ஏணிப்படி கணக்குப் போட்டால் 10 லட்சத்து 80 ஆயிரம் வரும். 50இல் 14ஐக் கழித்து, மிச்சம் 36 லட்சத்தில் 30 சதவீதம் எடுத்தாலும் அதே 10 லட்சத்து 80 ஆயிரம்தான். மேல்தட்டில் இருப்பவர் ஏற்கெனவே ஒற்றை வரியில்தான் இருக்கிறார். இடையில் இருக்கும் படிகள் உண்மையில் வேலை செய்வது 12 லட்சத்துக்கும் 24 லட்சத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். படிகளை எடுத்துவிட்டால் முதலில் ஆட்டம் காண்பதும் அவர்களுடைய கணக்குத்தான்.

நூறு வீடுகள் உள்ள ஊர்

இதைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு கற்பனை ஊர் போதும். ஊரில் நூறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர்தான் சம்பாதிக்கிறார். கழிவுகள் போக, வரிக்கு உரிய வருமானம் இப்படி: ஐம்பது வீடுகளில் 10 லட்சம், முப்பது வீடுகளில் 15 லட்சம், பதினைந்து வீடுகளில் 24 லட்சம், நான்கு வீடுகளில் 50 லட்சம், ஒரே ஒரு வீட்டில் 1 கோடி. செஸ், சர்சார்ஜ் இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

இன்றைய ஏணிப்படி 10 லட்சக்காரர்களுக்கு வரி இல்லை. 12 லட்சம் வரை ரிபேட் இருப்பதால் கணக்கு பூஜ்யமாகிவிடும். 15 லட்சம் உள்ளவர் 1,05,000 கட்டுகிறார். 24 லட்சம் உள்ளவர் 3 லட்சம், 50 லட்சம் உள்ளவர் 10,80,000, கோடீஸ்வரர் 25,80,000. ஊர் மொத்தமும் சேர்த்துக் கட்டுவது 1 கோடியே 45 லட்சத்து 50 ஆயிரம். இனி எந்தத் திட்டம் வந்தாலும் இதே தொகை கஜானாவுக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் யோசனை: 6 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் ஒரே விகிதம். விலக்குப் போக ஊரின் வரிக்குரிய வருமானம் 10 கோடியே 10 லட்சம். எனவே 14.4 சதவீதம் இருந்தால் போதும். கேட்கவே இனிக்கும் விகிதம். ஆனால் இதுவரை ஒன்றும் கட்டாத 10 லட்ச வீடுகள் தலைக்கு 57,600 ரூபாய் கட்ட வேண்டும். 15 லட்ச வீட்டுக்கு வரி 1,29,600 ஆக உயரும். கோடீஸ்வரரின் வரியோ 25,80,000இலிருந்து 13,53,600 ஆக, ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். ‘ஒற்றை வரி பணக்காரர்களுக்கான சலுகை’ என்ற குற்றச்சாட்டு இந்த வகைத் திட்டத்துக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது யோசனை: விலக்கை 12 லட்சமாக்குவது. இப்போது ஐம்பது வீடுகள் வரியிலிருந்து முழுக்க வெளியேறிவிடும். மற்றவர்களுக்கும் கூடுதலாக 6 லட்சம் விலக்கு. வரிக்குரிய வருமானம் 5 கோடியே 10 லட்சமாகச் சுருங்கும். அடித்தளம் பாதியானதால் விகிதம் இரண்டு மடங்காகி 28.5 சதவீதத்தில் நிற்கும்.

- 15 லட்சம் உள்ளவருக்கு: 1,05,000 இருந்தது 85,500 ஆகும். லாபம் 19,500.
- 24 லட்சம் உள்ளவருக்கு: 3,00,000 இருந்தது 3,42,000 ஆகும். நஷ்டம் 42,000.
- 50 லட்சம் உள்ளவருக்கு: 10,80,000 இருந்தது 10,83,000 ஆகும். கிட்டத்தட்ட மாற்றமில்லை.
- 1 கோடி உள்ளவருக்கு: 25,80,000 இருந்தது 25,08,000 ஆகும். லாபம் 72,000.

பார்க்க வேண்டிய இடம் நடுப்பகுதி. விலக்கு வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு லாபம், உச்சியில் இருப்பவருக்கும் லாபம். நடுவில், ஏறத்தாழ 17 லட்சத்திலிருந்து 52 லட்சம் வரை இருப்பவர்கள்தான் வித்தியாசத்தை ஈடுகட்டுகிறார்கள். வங்கி மேலாளர், மென்பொருள் துறையில் பத்தாண்டு அனுபவம் உள்ள பொறியாளர், தனியார் மருத்துவமனை மருத்துவர் எல்லோரும் இந்த இடத்தில்தான் இருப்பார்கள். ஏணியில் 15, 20, 25 என மெல்ல ஏறிய அதே பணத்துக்கு, ஒற்றை வரியில் 12 லட்சத்தைத் தாண்டிய முதல் ரூபாயிலிருந்தே 28.5 சதவீதம் பிடிக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான் உருவாகிறது.

மூன்றாவது யோசனை: விலக்கை இன்னும் தாராளமாக 15 லட்சம் ஆக்குவது. அப்போது எண்பது வீடுகள் வரியே கட்டாது. மிச்சம் இருபது வீடுகள் மொத்தச் சுமையையும் ஏற்க வேண்டும். விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டும். 24 லட்சக்காரர் 3,63,000க்கு மேல் கட்டுவார். 50 லட்சக்காரரின் வரி 14 லட்சத்தைத் தாண்டும். கோடீஸ்வரர் 34 லட்சத்துக்கு மேல் கட்டுவார். இன்றைய ஏணியைவிட இது பணக்காரருக்கு மிகவும் கடுமையான வரி.

மூன்றுமே ‘ஒற்றை வரி’தான். ஒன்று கோடீஸ்வரரின் வரியைப் பாதியாக்குகிறது, ஒன்று நடுத்தட்டைப் பிழிகிறது, இன்னொன்று கோடீஸ்வரரிடம் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக வாங்குகிறது. ஆக, ஒற்றை வரி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சுமை யார் மேல் விழும் என்று சொல்லவே முடியாது. விலக்குத் தொகையையும் விகிதத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் சொல்ல முடியும். குறைந்த விகிதம், பெரிய விலக்கு, குறையாத கஜானா ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பிடிக்க முடியும். மேடையில் பேசுபவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

நிஜ ஊரில் இன்னொன்றும் உண்டு. 50 லட்சத்துக்கு மேல் 10 சதவீத சர்சார்ஜ் இருப்பதால், அந்தக் கோடீஸ்வரர் இன்று கட்டுவது உண்மையில் 28,38,000. ஒற்றை வரியோடு சர்சார்ஜும் போய்விடும் என்றால் இரண்டாவது யோசனையிலேயே அவருக்கு 3 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். இழந்த அந்தச் சர்சார்ஜை ஈடுகட்ட விகிதத்தை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

விலக்கு வேறு, ரிபேட் வேறு

ஒற்றை வரியின் ஆதரவாளர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைக் காட்டுவதும் நம்முடைய ஏணியின் ஒரு விசித்திரமான படிதான்.

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார். பலரும் அதை விலக்கு வரம்பு என்றே புரிந்துகொண்டார்கள். விலக்கு வரம்பு 4 லட்சம்தான். 12 லட்சம் வரை வருவது 87ஏ பிரிவின் கீழ் கிடைக்கும் ரிபேட். அதாவது, வரியைக் கணக்கிட்டு, வந்த 60,000 ரூபாயையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். 12 லட்சத்தைத் தாண்டினால் இந்தத் தள்ளுபடி போய்விடும்.

அப்படியானால் 12 லட்சத்து 10 ஆயிரம் வந்தவர் 61,500 ரூபாய் கட்டி, 12 லட்சம் வந்தவரைவிட ஏழையாகிவிடுவாரே? அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு நிவாரணம் உண்டு: 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது. ஆகவே அவர் 10,000 மட்டும் கட்டுவார். கூடுதலாக வந்த பத்தாயிரமும் வரிக்கே போய்விடுகிறது. இந்த நிலை 12,70,588 ரூபாய் வரை நீடிக்கும். 12 லட்சத்திலிருந்து அந்த எல்லை வரை சம்பளம் உயர்ந்தாலும் கைக்கு வருவது ஒரே தொகைதான். வரம்புக்குச் சற்று மேலே இருப்பவருக்குக் கடைசி ரூபாயின் மீதான வரி 100 சதவீதம். நாட்டின் மிகப் பெரிய பணக்காரருக்குக் கூட இப்படியொரு விகிதம் கிடையாது.

உண்மையான 12 லட்ச விலக்கு இருந்திருந்தால் இந்தச் சுவர் எழும்பியிருக்காது. 12 லட்சத்து 10 ஆயிரம் வந்தவர் 28.5 சதவீதக் கணக்கில் 2,850 ரூபாய் கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார். அப்படியென்றால் அரசு ஏன் விலக்காகவே தரவில்லை? விலக்கு எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்பதுதான் காரணம். 28.5 சதவீத வரியில் 12 லட்ச விலக்கின் மதிப்பு 3,42,000 ரூபாய். அது 15 லட்சக்காரருக்கும் கிடைக்கும், கோடீஸ்வரருக்கும் கிடைக்கும். ரிபேட் குறிப்பிட்ட வருமானத்தோடு நின்றுவிடும். அரசுக்குச் செலவு குறைவு, அதற்கு விலையாக நடுவில் ஒரு சுவர்.

எஸ்டோனியாவின் வரிக் கூன்

இதே இக்கட்டில் ஒரு ஒற்றை வரி நாடே மாட்டிக்கொண்டது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த எஸ்டோனியாவில் 1992இல் பிரதமரானவர் மார்ட் லார். வரலாறு படித்தவர், வயது 32. 1994இல் எல்லோருக்கும் 26 சதவீத வருமான வரி என்று அவருடைய அரசு கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பின்னால் வந்த ஒற்றை வரிகளுக்கு அதுவே முன்னோடி. விகிதம் படிப்படியாகக் குறைந்து 2015இல் 20 சதவீதமானது.

2017 வரை அங்கே விலக்கு மாதம் 180 யூரோ மட்டுமே. குறைந்த சம்பளக்காரர்களுக்கு அது போதவில்லை என்று 2018இல் 500 யூரோவாக உயர்த்தினார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் கஜானா தாங்காது. எனவே மாதம் 1,200 யூரோ வரை சம்பளம் உள்ளவருக்கு முழு விலக்கு, அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 2,100 யூரோவில் விலக்கு பூஜ்யம் என்று ஒரு சரிவை வைத்தார்கள்.

சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 1,200 யூரோ வாங்குபவர் 700 யூரோவுக்கு 20 சதவீதம், அதாவது 140 யூரோ கட்டுவார். 2,100 யூரோ வாங்குபவருக்கு விலக்கே இல்லை என்பதால் 420 யூரோ. சம்பளம் 900 யூரோ ஏறியபோது வரி 280 யூரோ ஏறுகிறது. கடைசி யூரோவின் மீதான வரி 31 சதவீதம்! 2,100ஐத் தாண்டியவருக்கோ மறுபடி 20 சதவீதம்தான். சட்டப் புத்தகத்தில் ஒரே விகிதம் இருக்க, நடுத்தட்டு ஊழியர் முதலாளியைவிட அதிக விகிதத்தில் நின்றார். வரைபடத்தில் நடுவில் மட்டும் புடைத்துத் தெரிந்த அந்த மேட்டுக்கு எஸ்டோனியர்கள் வைத்த பெயர் ‘வரிக் கூன்’.

விகிதம் 22 சதவீதமாகவும் விலக்கு 654 யூரோவாகவும் இருந்த 2025இல் அந்தக் கூன் இன்னும் பெருத்து 38 சதவீதத்தைத் தொட்டது. 2026இலிருந்து கூனை அகற்றி, எல்லோருக்கும் மாதம் 700 யூரோ விலக்கு என்று மாற்றிவிட்டார்கள். இதில் பெரும் ஆதாயம் யாருக்கு என்று பார்த்தால், அதுவரை 654 யூரோ விலக்குப் பெற்றுவந்த 1,200 யூரோ ஊழியருக்கு மாதம் 10 யூரோ மிச்சம். விலக்கே இல்லாதிருந்த 5,000 யூரோ அதிகாரிக்கு மாதம் 154 யூரோ மிச்சம். கூனை வைத்தால் நடுத்தட்டுக்கு வலி, எடுத்தால் மேல்தட்டுக்குப் பரிசு.

தபால் அட்டையை நிரப்புவது எது?

எளிமை என்ற வாதத்தையும் சற்று உரசிப் பார்க்கலாம். ஏழு அடுக்கில் வரி கணக்கிட ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு நிமிடம் போதும், கணினிக்கு அதுவும் வேண்டாம். ரிட்டர்ன் படிவம் நீளுவது விகிதங்களால் அல்ல. எது வருமானம், எது செலவு, பங்கு விற்ற லாபத்துக்கு என்ன வரி, வாடகையில் எவ்வளவு கழிக்கலாம் என்ற கேள்விகளால்தான். ஹாலும் ரபுஷ்காவும் அட்டையைச் சிறிதாக்கியது அடுக்குகளை எடுத்ததால் மட்டுமல்ல. வட்டி, டிவிடெண்ட், மூலதன ஆதாயம் ஆகியவற்றைத் தனிமனிதர் படிவத்திலிருந்தே நீக்கி, வரியை நிறுவன மட்டத்திலேயே பிடித்துவிடும்படி அமைத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் ஒற்றை விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் படிவம் அதே நீளத்தில்தான் இருக்கும்.

வருமானத்தைப் பிரித்துக் காட்டும் விளையாட்டும் ஒற்றை வரியால் நின்றுவிடாது. 12 லட்ச விலக்கில், கணவர் ஒருவரே 24 லட்சம் சம்பாதித்தால் 3,42,000 வரி. அதையே கணவனும் மனைவியும் தலைக்கு 12 லட்சம் என்று காட்டினால் வரியே இல்லை. இன்றைய ஏணியில் அப்படிப் பிரிப்பதால் மிச்சமாவது 3 லட்சம். பெரிய விலக்கு அந்த ஆசையைக் கூட்டத்தான் செய்கிறது. கணவர் தன் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றினால் அதன் வருமானத்தைக் கணவரின் கணக்கிலேயே சேர்க்கும் இன்றைய விதி அப்போதும் தேவைப்படும்.

ரஷ்யா சொன்ன பாடம்

ஒற்றை வரி வந்தால் ஏய்ப்புக் குறைந்து வசூல் கூடும் என்பது கடைசி வாதம். இதற்குச் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படும் நாடு ரஷ்யா. 2001இல் விளாதிமிர் புதின் அரசு 12, 20, 30 என்றிருந்த விகிதங்களை எடுத்துவிட்டு 13 சதவீதம் என்று ஒன்றை வைத்தது. பணவீக்கத்தைக் கழித்த பிறகும் அந்த ஆண்டே வருமான வரி வசூல் ஏறக்குறைய கால் பங்கு கூடியது. உலகமே திரும்பிப் பார்த்தது.

2005இல் சர்வதேச நிதியத்தின் ஆய்வாளர்கள் ரஷ்யக் குடும்பங்களின் தரவுகளை எடுத்து, விகிதம் குறைந்தவர்களையும் பெரிதாகக் குறையாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வரி குறைந்ததால் மக்கள் அதிகம் உழைத்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வருமானத்தை மறைப்பது குறைந்திருந்தது. ஆனால் அது விகிதம் குறைந்ததாலா, அதே காலத்தில் வரி நிர்வாகம் இறுகியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரி வசூலைத் தூக்கிவிட்டதில் கூலி உயர்வுக்கும் பெரும் பங்கு இருந்தது.

அந்த ரஷ்யாவே பின்னர் படிகளுக்குத் திரும்பிவிட்டது. 2021இல் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபிளுக்கு மேல் 15 சதவீதம் என்று ஒரு படி சேர்ந்தது. 2025 முதல் 13, 15, 18, 20, 22 என ஐந்து படிகள். 2004இல் 19 சதவீத ஒற்றை வரியால் பேர் வாங்கிய ஸ்லோவாக்கியாவும் 2013இல் 25 சதவீதம் என்ற இரண்டாவது படியைச் சேர்த்தது. பணம் தேவைப்பட்டபோது, எல்லோருக்கும் விகிதத்தை ஏற்றுவதைவிட மேலே ஒரு படி கட்டுவது அரசுகளுக்கு எளிதாக இருந்தது.

இந்தியாவைப் பொறுத்தவரை கணக்குக் காட்டும் தீர்ப்பு இதுதான். 12 லட்சத்தை உண்மையான விலக்காக்கினால் ரிபேட் சுவர் இடிந்துவிடும், அது நல்லது. அதற்குரிய விலையை, கற்பனை ஊரின் விகிதாசாரத்தில், 17 லட்சத்திலிருந்து 52 லட்சம் வரை சம்பாதிப்பவர்கள் தருவார்கள். சுவரை இடிக்க ஒற்றை வரிதான் வேண்டும் என்பதும் இல்லை. ரிபேட்டை ஒரேயடியாகப் பறிக்காமல் 12 லட்சத்திலிருந்து சில லட்சங்கள் வரை மெல்லக் கரையவிட்டால், ஏணியை வைத்துக்கொண்டே அந்த நூறு சதவீதத்தைக் குறைத்துவிடலாம். எஸ்டோனியா போல ஒரு சிறு கூன் அப்போதும் மிஞ்சும், ஆனால் சுவர் இருக்காது.

அடுத்த முறை யாராவது ஒற்றை வரி என்று பேசினால், விலக்கு எவ்வளவு, விகிதம் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வருமானத்திலிருந்து விலக்கைக் கழித்து, மிச்சத்தை விகிதத்தால் பெருக்கி, போன ஆண்டு ரிட்டர்னில் நீங்கள் கட்டிய தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதற்கு ஒரு தபால் அட்டையே போதும்.